அவுட்லெட் டெம்பரேச்சரை ஏத்தணும், எதை மாத்துறது? ஃப்ளோவா, நீளமா, ஹீட்டரா

ஒரு செப்பு பைப், உள் விட்டம் 10 மில்லிமீட்டர், நீளம் 2 மீட்டர், மேல முழுக்க ஒரே இடைவெளியில ஹீட்டர் கேபிள் சுத்தி, அதுக்கு மேல இன்சுலேஷன். உள்ள 25 டிகிரில தண்ணி, நிமிஷத்துக்கு 3 லிட்டர், அதாவது செகண்டுக்கு 0.05 கிலோ. ஹீட்டர் கிட்டத்தட்ட 2.5 கிலோவாட், பைப்போட உள் பரப்புல பிரிச்சா சதுர மீட்டருக்கு 40 கிலோவாட், இதுக்குப் பேர்தான் ஹீட் ஃப்ளக்ஸ். இதுல வெளிய வர்ற தண்ணி 37 டிகிரி. நமக்கு வேணும்கிறது 49. இப்ப எதை மாத்துவீங்க?

இந்தக் கேள்விய பத்து பேர்கிட்ட கேட்டா அஞ்சு பேர் "ஃப்ளோவ பாதியாக்கு"ம்பாங்க, மூணு பேர் "ஹீட்டர ரெண்டு மடங்காக்கு"ம்பாங்க, மீதி பேர் "பைப்ப நீளமாக்கு"ம்பாங்க. அவுட்லெட்டுல தெர்மாமீட்டர் வச்சுப் பாத்தா மூணு தரப்பு சொன்னதும் சரிதான், மூணுலயும் அதே 49 வரும். ஆனா பைப் சுவர் எவ்ளோ சூடாகுதுன்னு பாத்தா மூணும் ஒண்ணு இல்ல, இந்த முடிவ அங்கதான் எடுக்கணும்.

முதல்ல அவுட்லெட் கணக்கு, அது ரொம்ப சின்னது:

```
T_out = T_in + q'' * pi * D * L / (m * cp)
```

இதுல `q''` ஃப்ளக்ஸ், `D` விட்டம், `L` நீளம், `m` செகண்டுக்கு ஓடுற தண்ணி, `cp` தண்ணியோட தன்வெப்பம். நம்ம நம்பர போட்டா பரப்பு 0.0628 சதுர மீட்டர், 40,000 ஆல பெருக்குனா 2513 வாட், அத 0.05 × 4180 ஆல வகுத்தா 12 டிகிரி. 25 + 12 = 37, முடிஞ்சது. சுவர்ல இருந்து தண்ணிக்கு வெப்பம் எவ்ளோ சுலபமா மாறுதுன்னு சொல்ற நசெல்ட் நம்பர் இதுல எங்கயும் இல்லைங்கறத கவனிங்க. தண்ணி எவ்ளோ கலங்கி ஓடுதுன்னு சொல்ற ரெனால்ட்ஸ் நம்பரும் இல்ல. ஃப்ளோ அடுக்கடுக்கா அமைதியா ஓடுற லாமினாரா, கலங்கி ஓடுற டர்புலன்ட்டா, பைப்புல ஒரே சீரா நிலைச்ச ஃபுல்லி டெவலப்டா இல்லையா, எதுவும் இந்தக் கணக்குக்குத் தேவைப்படல, ஏன்னா சுவர்ல இருந்து எவ்ளோ வெப்பம் உள்ள போகுதுன்னு நாமளே முடிவு பண்ணி வச்சுட்டோம், அது போக வேற இடம் இல்ல, தண்ணிக்குள்ளதான் போயாகணும். நிறைய பேர் பரீட்சையில இந்தக் கேள்வியப் பாத்ததும் நசெல்ட் கண்டுபிடிச்சு, அதுல இருந்து வெப்பப் பரிமாற்றக் குணகம் `h` கண்டுபிடிச்சு, எல்எம்டிடிங்கற சராசரி டெம்பரேச்சர் வித்தியாசம் வரைக்கும் போயி சுத்திட்டு வருவாங்க, அதெல்லாம் சுவர் டெம்பரேச்சர் மாறாம இருக்கற கேஸுக்கு, வெளிய நீராவி ஜாக்கெட் இருக்கற மாதிரி. அங்க `h` தெரியாம அவுட்லெட் வராது. இங்க வந்துடும்.

அப்ப `h` எதுக்கு? சுவருக்கு. சுவருக்கும் தண்ணிக்கும் உள்ள வித்தியாசம் `q''/h`, அவ்ளோதான். ஃபுல்லி டெவலப்டு ஆன பகுதில `h` மாறாதுன்னு எடுத்துக்கிட்டா இந்த வித்தியாசமும் மாறாது, தண்ணியோட சராசரி டெம்பரேச்சர் நேர்கோட்டுல ஏறும், சுவரும் அதுக்கு இணையா மேல ஒரு கோட்டுல ஏறும். அதனால பைப்லயே அதிகச் சூடான இடம் எப்பவும் கடைசி முனைதான். நம்ம பைப்புல ரெனால்ட்ஸ் 8000 சுமாருக்கு வருது, க்னீலின்ஸ்கி ஃபார்முலா போட்டா நசெல்ட் 59, `h` கிட்டத்தட்ட 3650. 40,000 ஐ இதால வகுத்தா 11 டிகிரி, ஆக கடைசி முனையில சுவர் 48. இதுதான் நம்ம ஆரம்ப நிலை.

இப்ப ஃப்ளோவ பாதியாக்குறதப் பாப்போம், எல்லாரும் முதல்ல செய்றது அதான், வால்வத் திருகுனா போதும், செலவே இல்ல. 0.025 கிலோ, அதே 2.5 கிலோவாட், தண்ணி 24 டிகிரி ஏறி 49 ஆகுது, கரண்டும் ஏறல, 230 வோல்ட்ல 11 ஆம்பியர், சாதாரண 16 ஆம்பியர் பாயின்ட்லயே ஓடும். ஆனா ரெனால்ட்ஸ் 4600க்கு இறங்கிடுச்சு, நசெல்ட் 32, `h` 2000 பக்கத்துல. அதே ஃப்ளக்ஸுக்கு இப்ப வித்தியாசம் 20 டிகிரி. சுவர் 69. தண்ணி ஏறுனது 12 டிகிரி, சுவர் ஏறுனது 21.

ஹீட்டர ரெண்டு மடங்காக்குனா? ஃப்ளக்ஸ் 80 கிலோவாட், `h` கொஞ்சம் கூடும், ஏன்னா தண்ணி சூடாகி பாகுத்தன்மை குறையுது, 3900 வருது. வித்தியாசம் மறுபடி 20 டிகிரி, சுவர் மறுபடி 69. ரெண்டு வேற வேற வழி, சுவர் ஒரே இடத்துல வந்து நிக்குது. இது ஏதோ தற்செயல்னு தோணலாம், அப்படி முழுசா இல்ல. டர்புலன்ட்ல `h` ஃப்ளோவோட 0.8 பவர்ல போகும், ரெனால்ட்ஸ் குறைவா இருந்தா இன்னும் செங்குத்தா விழும், அதனால ஃப்ளோ பாதியானா `h`உம் ஏறக்குறைய பாதி. மேல இருக்கறத ரெண்டு மடங்காக்குனாலும் கீழ இருக்கறத பாதியாக்குனாலும் விடை ஒண்ணுதானே. வித்தியாசம் என்னன்னா இதுல உங்களுக்கு நிமிஷத்துக்கு 3 லிட்டர் 49 டிகிரித் தண்ணி கிடைக்குது, முந்தினதுல ஒன்றரை லிட்டர்தான். அதுக்கு விலை 5 கிலோவாட், 22 ஆம்பியர், 16 ஆம்பியர் பாயின்ட் தாங்காது, தனி லைன் இழுக்கணும். ஹீட்டர் கேபிளும் அதே நீளத்துல ரெண்டு மடங்கு வாட் தள்ளணும்னா கேபிள் உள் கம்பியோட சூடு பைப்ப விட ரொம்ப மேல போகும், சுத்துன கேபிள் பைப்போட ஒட்டாம எங்க தூக்கிட்டு நிக்குதோ அங்கதான் முதல்ல எரிஞ்சு போகும்.

மூணாவது, பைப்ப 4 மீட்டர் ஆக்கி அதே 40 கிலோவாட் ஃப்ளக்ஸ். பவர் மறுபடி 5 கிலோவாட்தான், கரண்ட் மறுபடி 22, அதுல லாபம் இல்ல. ஆனா சுவர் வித்தியாசம் வெறும் 10 டிகிரி, கடைசி முனை 59. அதே தண்ணி, அதே அவுட்லெட், அதே கரன்ட் பில், சுவர் மட்டும் 10 டிகிரி கம்மி. பிரஷர் டிராப் கூடுமேன்னு பயப்படுவாங்க, கணக்குப் போட்டுப் பாத்தா 2 மீட்டருக்கு 1.4 கிலோபாஸ்கல்கூட இல்ல, 4 மீட்டருக்கு 2.6 பக்கம், கால் மீட்டர் தண்ணி உயரத்துக்குச் சமம், எந்த பம்பும் அதைக் கண்டுக்காது. செலவு 2 மீட்டர் செப்பு பைப்பும் அதுக்கான இடமும்.

விட்டத்தக் குறைக்கலாமேன்னு ஒருத்தர் கேப்பார். ஹீட்டர ரெண்டு மடங்காக்குன அதே 5 கிலோவாட், அதே 2 மீட்டர் நீளம்னு வச்சுக்கிட்டு 10 மில்லிமீட்டர 5 ஆக்குனா அவுட்லெட் மாறாது, பரப்பு குறைஞ்சு ஃப்ளக்ஸ் ரெண்டு மடங்கானாலும் `h` அதைவிட வேகமா ஏறும், அதனால டர்புலன்ட்ல சுவர் வித்தியாசம் 20ல இருந்து 12க்கு இறங்கும். ஆனா பிரஷர் டிராப் விட்டம் குறையக் குறைய கிட்டத்தட்ட 4.75 பவர்ல ஏறும், பாதி விட்டத்துக்கு 27 மடங்கு, 35 கிலோபாஸ்கல், மூன்றரை மீட்டர் தண்ணி உயரம். சின்ன பம்ப் திணறும். லாமினார்ல இன்னும் வேடிக்கை, ஃபுல்லி டெவலப்டுன்னா நசெல்ட் 4.36னு நிலையா நிக்குது, அதப் போட்டுச் சுருக்குனா விட்டம் மேலயும் கீழயும் அடிபட்டுப் போயிடுது, சுவர் வித்தியாசம் மொத்த வாட்டையும் நீளத்தையும் மட்டும்தான் பொறுத்தது. பெரிய பைப் போட்டாலும் சின்ன பைப் போட்டாலும் அதே வித்தியாசம். அதனால விட்டத்த மாத்துறத நான் இந்தப் பட்டியல்லயே கடைசியா வைப்பேன்.

சரி, சுவர் 59ஆ 69ஆ, அதனால என்ன, தண்ணி கொதிக்கலையேன்னு கேக்கலாம். நல்ல தண்ணியா, மூடிய சுத்துல திரும்பத் திரும்ப ஓடுற டிஸ்டில்டு வாட்டரா இருந்தா உண்மையிலயே ஒண்ணும் இல்ல, வால்வத் திருகிட்டுப் போங்க. போர் தண்ணின்னா கதை வேற. கால்சியம் கார்பனேட் மத்த உப்பு மாதிரி இல்ல, சூடு ஏற ஏற கரையுற அளவு குறையும், அதனால படிவு நடுத் தண்ணில உருவாகாம சூடான சுவர்லயே பிடிக்கும். வீட்டு கெய்சர் காயில்ல பாத்திருப்பீங்களே, அந்த வெள்ளைப் பாறை. சுவர் எவ்ளோ சூடோ அவ்ளோ வேகம்.

இங்கதான் கான்ஸ்டன்ட் ஹீட் ஃப்ளக்ஸோட குசும்பு. நீராவி ஜாக்கெட் போட்ட பைப்புல படிவு பிடிச்சா வெப்பம் உள்ள போறது குறையும், அவுட்லெட் இறங்கும், "என்னமோ தப்பு"ன்னு நமக்கே தெரிஞ்சுடும். எலக்ட்ரிக் ஹீட்டர் அப்படி இல்ல. படிவு இருக்கோ இல்லையோ 2.5 கிலோவாட் உள்ள போயே தீரும், அவுட்லெட் 49 49ஆவே நிக்கும், உலோகம்தான் மேல மேல சூடாகும். அரை மில்லிமீட்டர் படிவு, அதோட கடத்துத்திறன் ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 2 வாட் சுமார்னு வைங்க, 40 கிலோவாட் ஃப்ளக்ஸுக்கு 10 டிகிரி கூடும், 80க்கு 20 டிகிரி. அதாவது ஹீட்டர ரெண்டு மடங்காக்குன ஆளோட பைப் இப்ப 89ல, ஃப்ளோவ பாதியாக்குனவர் 79ல, நீளமாக்குனவர் 69ல. மூணு பேரோட அவுட்லெட் தெர்மாமீட்டரும் அதே 49 காட்டிட்டு இருக்கும். அதனால அவுட்லெட்டுல மட்டும் சென்சார் வச்சா அது எதையும் சொல்லாது, கடைசி முனைல பைப் வெளிப்பரப்புல ஒரு தெர்மோகப்பிள் ஒட்டுங்க, ஹீட்டர் கேபிள் சுத்துக்கு நடுவுல, கேபிளத் தொடாம. அவுட்லெட் அசையாம இருக்கறப்ப அந்த ரீடிங் மட்டும் வாரா வாரம் ஏறுச்சுன்னா உள்ள படிவு பிடிக்குதுன்னு அர்த்தம். ஆசிட் வாஷ் எப்ப பண்ணணும்கிறத அந்த ஒரு ரீடிங்க வச்சே முடிவு பண்ணலாம்.

பம்ப் நின்னா என்ன ஆகும்னும் பாத்துடணும், இதை யாரும் கணக்குப் போட மாட்டாங்க. 2 மீட்டர் பைப்புக்குள்ள இருக்கற தண்ணி 157 மில்லிதான், 2.5 கிலோவாட் அதுல போனா செகண்டுக்கு 4 டிகிரி ஏறும். செப்போட சூடாகுற நேரத்த விட்டுட்டுப் பாத்தா ஃப்ளோவ பாதியாக்குன அமைப்புல பைப் தண்ணியோட சராசரி 16, 17 செகண்ட்ல 100 தொடும், ஹீட்டர ரெண்டு மடங்காக்குனதுல 8 செகண்ட். நீளமாக்குனதுல பவரும் ரெண்டு மடங்கு தண்ணியும் ரெண்டு மடங்கு, அதனால மறுபடி 16. எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஃப்ளோ ஸ்விட்ச் இல்லாம ஹீட்டர் ஆன் ஆகக்கூடாது, இதுல பேரமே இல்ல, 8 செகண்ட்ல ஓடிப் போய் யாரும் சுவிட்ச அணைக்க முடியாது.

இப்ப என் ஓட்டு. நிமிஷத்துக்கு 3 லிட்டர் கட்டாயம் வேணும்னா வேற பேச்சே இல்ல, நீளமாக்குங்க. 22 ஆம்பியருக்கு லைன் இழுக்கத்தான் வேணும், அது தண்ணியோட விலை, எந்த டிசைனும் அதக் குறைக்காது. டெம்பரேச்சர்தான் முக்கியம், ஒன்றரை லிட்டர் போதும்கிறவங்களுக்கு நான் சொல்றது யாரும் முதல்ல யோசிக்காத ஒரு கலவை: ஃப்ளோவ பாதியாக்குங்க, பைப்ப 4 மீட்டர் ஆக்குங்க, ஹீட்டர் மொத்தம் அதே 2.5 கிலோவாட், ஆனா 4 மீட்டர்ல பரப்பிச் சுத்துங்க. ஃப்ளக்ஸ் 20 ஆயிடுச்சு, `h` 2000 தான், வித்தியாசம் 10 டிகிரி, சுவர் 59. அவுட்லெட் 49. கரண்ட் 11 ஆம்பியர், பழைய பாயின்ட்டே போதும். அரை மில்லி படிவு வந்தாலும் 64. பம்ப் நின்னா 30 செகண்டுக்கு மேல அவகாசம். கேபிளும் நிம்மதியா ஓடும். இதுல எல்லா நல்லதும் வர்றதுக்கு ஒரே காரணம், அவுட்லெட்டுக்கு மொத்த வாட் தான் கணக்கு, சுவருக்கு ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை வாட்ங்கறது கணக்கு, ரெண்டையும் பிரிச்சுப் பாத்தா நீளம் மட்டும்தான் ரெண்டாவதத் தனியா அடக்குற கைப்பிடி.

ஒரு எச்சரிக்கை, ஃப்ளோவ இன்னும் குறைச்சுக்கிட்டே போலாம்னு நினைக்காதீங்க. பழைய 2 மீட்டர் பைப்புல கால்வாசி ஃப்ளோ, 0.0125 கிலோ வைங்க. அவுட்லெட் கணக்கு 73 டிகிரின்னு அழகா சொல்லும். ஆனா உள்ள வர்ற இடத்துல ரெனால்ட்ஸ் 1800 கூட இல்ல, கால்வாசி நீளம் போனதுமே 2300அத் தாண்டுது, லாமினாரா டர்புலன்ட்டான்னு யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாத இடம். லாமினாராவே இருந்துட்டா நசெல்ட் 4.36, `h` 280 கிட்ட, 40 கிலோவாட் ஃப்ளக்ஸுக்கு வித்தியாசம் 144 டிகிரி. 73 கூட 144அக் கூட்டுனா வர்றது தண்ணி பைப்போட சுவர் டெம்பரேச்சரே இல்ல, அதுக்கு ரொம்ப முன்னாடியே சுவர்ல குமிழி கிளம்பி கொதிக்க ஆரம்பிச்சுடும், அப்புறம் இந்த ஃபார்முலா எதுவும் செல்லாது. தண்ணி வெளிய 73 தான், ஆனா பைப்புக்குள்ள சீறுற சத்தம் கேக்கும், கெட்டில் கொதிக்கறதுக்கு முன்னாடி பாடுமே அந்தச் சத்தம், அவுட்லெட்டுல கண்ணாடிக் குழாய் இருந்தா குமிழி தெரியும். அந்தச் சத்தம் வந்தா ஹீட்டரக் குறைங்க, யோசிக்காதீங்க.

நியாயமாச் சொல்லணும்னா 144ங்கறது மோசமான பக்கத்துக் கணக்கு. படுக்கையா வச்ச பைப்புல சுவர் ஓரச் சூடான தண்ணி மேல ஏறி நடுத் தண்ணி கீழ இறங்கி தானாவே ஒரு சுழற்சி வரும், அதனால நிஜ நசெல்ட் 4.36அ விட நல்லாவே கூட இருக்கும். இன்னொண்ணு, லாமினார்ல வெப்பம் ஃபுல்லி டெவலப்டு ஆகறதுக்கு வேண்டிய நீளம் சுமாரா `0.05 * Re * Pr * D`, ரெனால்ட்ஸ் 800, பிரான்டில் 5.3னா நம்ம 10 மில்லிமீட்டர் பைப்புக்கே அது 2.1 மீட்டர் வருது, பைப்ப விட அதிகம்! அதாவது "ஃபுல்லி டெவலப்டு"ன்னு எழுதி ஆரம்பிச்ச கணக்குல பைப் முடியுறவரைக்கும் அது டெவலப் ஆகவே இல்ல. அவுட்லெட் விடைக்கு இதனால ஒரு சேதமும் இல்ல, சுவர் விடை மட்டும் தப்பு, அதுவும் பாதுகாப்பான பக்கம், ஆரம்பப் பகுதில `h` கூடுதலாத்தான் இருக்கும். டர்புலன்ட்ல இந்தக் கவலை இல்ல, பத்து விட்டம், இங்க 10 சென்டிமீட்டர்ல முடிஞ்சுடும்.

அளக்கறப்ப ஏமாறுற ஒரு இடமும் உண்டு, லாமினார்ல ஓட்டுறவங்களுக்கு இது முக்கியம். கணக்குல வர்ற அவுட்லெட் டெம்பரேச்சர் எல்லாத் தண்ணியையும் ஒரு வாளில பிடிச்சுக் கலக்குனா வர்ற சராசரி. பைப்போட நடுவுல சென்சார் முனைய நிறுத்துனா அது நடுத் தண்ணியத்தான் அளக்கும். 0.005 கிலோ ஃப்ளோ, 4 கிலோவாட் ஃப்ளக்ஸ்னு வைங்க, சராசரி 37 வரணும், ஃபுல்லி டெவலப்டு லாமினார் தியரிப்படி நடு அதைவிட 9 டிகிரி கம்மி, சென்சார் 28 காட்டும். உடனே "வெப்பம் எல்லாம் வெளிய போகுது"ன்னு இன்சுலேஷனப் பிரிச்சு மறுபடி சுத்துவாங்க. அதுக்கு முன்னாடி ஹீட்டர் முடிஞ்ச இடத்துக்கு அப்புறம் ரெண்டு எல்போ, இல்ல ஒரு சின்னக் கலக்கும் அறை வச்சு, இன்சுலேட் பண்ணி, அதுக்குப் பின்னாடி சென்சார வைங்க. அப்பவும் ரீடிங் கம்மின்னா வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி தண்ணி எடுத்த வாட்டோட ஒப்பிடுங்க. தண்ணி கம்மியா எடுத்திருந்தா நிஜமாவே லாஸ். கரண்ட் குடுத்தத விட தண்ணி அதிகம் எடுத்த மாதிரி வந்தா ஃப்ளோ மீட்டர் பொய் சொல்லுது, ஒரு வாளியும் ஸ்டாப் வாட்ச்சும் எடுத்து ஃப்ளோவ நேரா அளந்துடுங்க.